புதியவருக்கு ஏற்ற முதல் சூப்பர்ஹீரோ படம்

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வல்லார்பாடத்திலுள்ள உறவினர் வீட்டில் ஒரு மாலை அனைவரும் தொலைக்காட்சி முன் கூடினர். பேரனின் விருப்பப்படி ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தொடங்கியது. பத்து நிமிடங்களுக்குள் தாத்தா நான்கு முறை கேட்டுவிட்டார்: “இவர் யார்? ஏன் அழுகிறார்?” பேரன் ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்தி வேறொரு படத்தின் கதையைச் சொன்னான். அரை மணி நேரத்தில், “இது சிறுபிள்ளை விளையாட்டு” என்று தாத்தா எழுந்துவிட்டார்.

பேரன் மனம் வாடினான். ஆனால் தவறு தாத்தாவின் ரசனையில் இல்லை, தேர்வில்தான் இருந்தது. 2019இல் வெளிவந்த அப்படம், 2008இல் ‘அயர்ன் மேன்’ படத்துடன் தொடங்கிய வரிசையில் இருபத்திரண்டாவது. முந்தைய இருபத்தொரு படங்களை அறிந்தவருக்காக எழுதப்பட்ட இறுதி அத்தியாயம் அது. அங்கிருந்து தொடங்குபவர் குழம்புவது இயல்பே.

புதியவரின் மனத்தடை இருவகைப்படும். ‘புரியவில்லை’ என்பது ஒன்று. ‘சிறுபிள்ளைத்தனம்’ என்பது மற்றொன்று. முதலாவதற்குக் காரணம் தொடர்கதை அமைப்பு. முன்கதை எதுவும் தேவைப்படாத தனிப்படமே அதற்குத் தீர்வு. இரண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் பறக்கும் மனிதனோ வண்ண உடையோ அல்ல. புராணக் கதைகளில் மலையைத் தூக்கிச் செல்வதை நாம் மறுப்பின்றி ஏற்கிறோம். சக்தி பெற்றவனுக்கு அதனால் எந்த இழப்பும் நேராதபோதும், தீயவன் காரணமின்றித் தீயவனாக இருக்கும்போதும்தான் கதை சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது. ஆகவே படத்தைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டு வினாக்களை எழுப்பலாம். சக்தி கிடைக்குமுன் நாயகன் எதற்கு ஏங்கினான்? எதிராளி எதை இழந்தான்?

மறுநாள் தாத்தாவுக்காகத் தேர்ந்தெடுத்த படம், 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘மின்னல் முரளி’. பேசில் ஜோசப் இயக்கிய இம்மலையாளப் படத்துக்குத் தமிழ் ஒலிவடிவமும் உண்டு. குறுக்கன்மூலை என்ற கற்பனைச் சிற்றூரில் கதை நிகழ்கிறது. டொவினோ தாமஸ் ஏற்ற ஜெய்சன் ஒரு தையற்காரன். அமெரிக்கா செல்வதே அவன் கனவு. ஒரே இரவில் அவனையும், தேநீர்க் கடையில் பணிபுரியும் ஷிபுவையும் மின்னல் தாக்குகிறது. இருவருக்கும் ஒரே சக்தி கிடைக்கிறது.

இங்கேதான் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘ஜோக்கர்’ படத்தில் அவர் பார்த்திருந்த குரு சோமசுந்தரமே ஷிபு. ஊரார் ஏளனம் செய்து ஒதுக்கிய மனிதன் அவன். பல ஆண்டுகளாக அவன் நேசிக்கும் உஷா, நோயுற்ற மகளுடன் ஊர் திரும்புகிறாள். சிகிச்சைக்குப் பணம் வேண்டும்; ஷிபு வங்கியைக் கொள்ளையடிக்கிறான். அச்செயல் குற்றமே; ஆயினும் அதன் காரணம் நமக்குப் புரிகிறது. ஒரே மின்னல் ஒருவனை நாயகனாகவும் மற்றவனை எதிரியாகவும் ஆக்குவதற்கு ஊர் அவர்களை நடத்திய விதமும் ஒரு காரணம். தாத்தா அன்று ‘இவர் யார்?’ என்று கேட்கவில்லை. “அந்த ஷிபுவிடம் யாராவது முன்பே பரிவாகப் பேசியிருக்கலாமே” என்றார்.

இத்தேர்வுக்கும் வரம்புகள் உண்டு. படம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். பிற்பகுதியில் தீயும் உயிரிழப்பும் வருவதால் சிறு குழந்தைகளுடன் பார்ப்பதற்கு ஏற்றதன்று.

அடுத்த படத்தை, முதல் படத்தில் அவருக்கு எது பிடித்தது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நகைச்சுவையை ரசித்தவருக்கு மடோன் அஸ்வின் இயக்கிய ‘மாவீரன்’ (2023) பொருந்தும். அதில் கோழையான கார்ட்டூன் ஓவியனுக்குக் கேட்கும் ஒரு குரலே சக்தி. தரமற்ற அடுக்குமாடிக் குடியிருப்பே சிக்கல். மனிதத் துயரில் ஆழ்ந்தவருக்கு ‘ஸ்பைடர்மேன் 2’ (2004) ஏற்றது. பிறரைக் காப்பாற்றப் போய் வேலையை இழந்து, வாடகை கொடுக்கவும் திணறும் இளைஞனின் கதை அது. இரண்டாம் பாகமாயினும், தொடக்கப் பெயர்ப்பட்டியலில் வரும் ஓவியங்களே முன்கதையைச் சொல்லிவிடுகின்றன.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘இவர் யார்?’ என்ற வினா திரும்பத் திரும்ப எழுந்தால் அது தொடர்ப்படம். நிறுத்திவிட்டுத் தனிப்படத்துக்கு மாறுங்கள். வினா எழாமலேயே அவர் கைப்பேசியை நாடினால், கதையில் எவருடைய ஏக்கமும் அவரைத் தொடவில்லை என்று பொருள். அப்போது இன்னும் பெரிய சண்டைக் காட்சிகள் கொண்ட படம் உதவாது. இன்னும் சிறிய ஊரில் நிகழும் கதையைத் தேடுங்கள்.

வல்லார்பாடத்துத் தாத்தா ‘எண்ட்கேம்’ படத்தை இன்னும் முடிக்கவில்லை. ஆனால் விடுமுறை முடியுமுன், “அந்த முதல் படம், 2008இல் வந்தது, அதைப் போடு” என்று பேரனிடம் அவரே கேட்டார்.