ஒன்பது மாதத்துக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானபோது, பெரும்பாலான கட்டடங்களில் கூரைத் தண்ணீரைக் குழாய் வழியே மண்ணுக்குள் இறக்கினார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் அது மட்டும் போதாது. அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரே உப்பு. உள்ளே விட்ட நல்ல தண்ணீர் அதோடு கலந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. குடிக்க வேண்டுமென்றால் தொட்டியில்தான் பிடித்து வைக்க வேண்டும். எவ்வளவு பெரிய தொட்டி என்பதில்தான் பல இடங்களில் கணக்குத் தவறுகிறது.

அந்தப் பகுதியில் 120 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை வைத்துப் பார்ப்போம். கான்கிரீட் மொட்டைமாடி 200 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். தளம் உறிஞ்சுவது, ஆவியாவது, முதலில் கழித்துவிடும் அழுக்கு நீர் எல்லாம் போக 80 சதவீதம் கையில் நிற்கும். ஆக, ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 160 லிட்டர்.

ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதை 160-ஆல் பெருக்கி 1,28,000 லிட்டர் கிடைக்கும் என்று எழுதி, பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பிரித்துவிடுவது வழக்கமான பிழை. மழை அப்படி வருவதில்லை. பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அக்டோபரில் 190, நவம்பரில் 200, டிசம்பரில் 100 மில்லிமீட்டர் என்று கொண்டால், மூன்று மாதத்தில் 78,400 லிட்டர். மற்ற மாதங்களின் சிறு தூறல்கள் சூடான தளத்தை நனைப்பதோடு சரி. அவற்றை நம்பிக் கணக்குப் போடாமலிருப்பதே நல்லது.

இப்போது செலவு. குடிக்க, மதிய உணவு சமைக்க, தட்டு கழுவ எனப் பிள்ளைக்கு 3 லிட்டர் வைத்தால் நாளுக்கு 360 லிட்டர், மாதத்துக்கு 20 பள்ளி நாள் என்றால் 7,200. மழை பெய்யும் மூன்று மாதத்திலேயே 21,600 செலவாகி, டிசம்பர் முடிவில் 56,800 லிட்டர் மிஞ்சும். ஜனவரி முதல் செப்டம்பர் வரை, மே விடுமுறை நீங்கலாக, எட்டு மாதத் தேவை 57,600. ஏறக்குறைய சரியாக வருகிறது. எனவே வேண்டியது 57,000 லிட்டர் தொட்டி: 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். இதற்குப் பதில் 10,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை வைத்தால் 63 மில்லிமீட்டர் மழையில் நிரம்பிவிடும். பிறகு பெய்வதில் பெரும்பகுதி வழிந்து ஓடும். மழை நின்றபின் அது 28 பள்ளி நாள்தான் தாங்கும்.

கழிவறைக்கும் இதே தண்ணீர் என்று ஆசைப்படக்கூடாது. தலைக்குப் பத்து லிட்டர் வைத்தாலே, பருவமழை மொத்தமும் 65 நாளில் காலி.

ஆனால் 57,000 லிட்டர் தொட்டியைக் கட்டிவிட்டால் கவலை தீர்ந்ததா? 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 62 சதவீதம் குறைந்தது. அந்த அளவுக்கு நம் பள்ளியிலும் பொய்த்தால் வருவது 29,800 லிட்டர்தான். அக்டோபர்–டிசம்பர் செலவு போக 8,200 மிஞ்சும். பிப்ரவரித் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும். தொட்டியை இன்னும் பெரிதாக்கினாலும் ஒரு சொட்டுக்கூட அதிகம் வராது. ஒன்று கூரையைக் கூட்ட வேண்டும், அல்லது செலவைக் குறைக்க வேண்டும்.

என் பரிந்துரை செலவைக் குறைப்பதுதான். சமையலுக்கும் கழுவவும் வேறு தண்ணீர் பார்த்துக்கொண்டு, இதைக் குடிக்க மட்டும், பிள்ளைக்கு ஒன்றரை லிட்டர் என வையுங்கள். எட்டு மாதத் தேவை 28,800 லிட்டராகச் சுருங்கும். 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் போதும். 2016 போன்ற ஆண்டிலும் டிசம்பர் கடைசியில் 19,000 லிட்டர் இருக்கும். ஜூன் முடியும்வரை வரும். நல்ல ஆண்டில் நிரம்பி வழிவதை உறிஞ்சு குழிக்கு விடலாம்.

கட்டிய பின் தொட்டிக்குள் அளவுகோல் ஒன்றை நிறுத்துங்கள். 15 சதுர மீட்டர் தரைக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது 150 லிட்டர். பள்ளி நாளில் ஒன்றேகால் சென்டிமீட்டர் போல இறங்க வேண்டும். சனி, ஞாயிறிலும் இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது குழாய் மூடவில்லை. ஒவ்வொரு மழையிலும் கூரையிலிருந்து வரும் முதல் 200 லிட்டரைத் தனிக் குழாயில் கழித்துவிடுங்கள். பறவை எச்சமும் தூசியும் அதில்தான் வரும். மூடியில் வெளிச்சம் புகாமல் பாருங்கள், புகுந்தால் பாசி பிடிக்கும்.

தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள்: மதிப்பீடு போடும் முன், உங்களுக்கு அருகிலுள்ள மழைமானியின் பத்தாண்டு மாதவாரிக் கணக்கை வாங்குங்கள். சராசரி ஆண்டோடு நிறுத்தாமல், அதிலேயே மோசமான ஆண்டையும் வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டு, பிறகு அளவைச் சொல்லுங்கள்.