நாலு லட்சமும் மூணு லட்சமும் பன்னிரண்டாயிரம் கோடி

பதினோராம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் ஆண்டுதோறும் தவறாமல் வந்துவிடும் தவறு ஒன்று உண்டு. log(a + b) என்று கண்டதும் மாணவரின் கை தானாகவே log a + log b என்று எழுதிவிடும். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தால் வகுப்பில் ஒரு பையனாவது எழுந்து வாதாடுவான். “சார், போட்டுப் பாருங்க. a-யும் 2, b-யும் 2ன்னு வைங்க. log(2 + 2)னா log 4. அந்தப் பக்கம் log 2 + log 2. அதுவும் log 4 தான். சரியாத்தானே வருது?”

வருகிறது. அதுதான் வம்பு.

இன்னும் ஒன்றைக்கூட அவன் தேடிக் கொண்டுவரலாம். log(1 + 2 + 3) என்பது log 1 + log 2 + log 3-க்குச் சமம். கால்குலேட்டரில் தட்டினால் இரண்டு பக்கமும் 0.7782 என்றே காட்டும். இரண்டு எடுத்துக்காட்டும் பொய் இல்லை. ஆனால் அவை சரியாக வருவதற்குக் காரணம் லாக் அல்ல. இரண்டையும் இரண்டையும் கூட்டினாலும் நாலு, பெருக்கினாலும் நாலு. ஒன்று, இரண்டு, மூன்றைக் கூட்டினாலும் ஆறு, பெருக்கினாலும் ஆறு. log a + log b என்று எழுதினால் எப்போதும் கிடைப்பது பெருக்கலின் லாக், அதாவது log(ab). ஆகவே கூட்டலை உடைத்து எழுதும் மாணவர், தன்னை அறியாமலேயே, a + b-யும் ab-யும் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். 2-க்கும் 2-க்கும் அது தற்செயலாகப் பொருந்தியது. 2-ஐயும் 3-ஐயும் வைத்தால் சாயம் வெளுத்துவிடும்: log 5 என்பது 0.6990, ஆனால் log 2 + log 3 தருவது 0.7782. அது ஆறின் லாக்.

பாடப்புத்தகம் லாக்கை மடக்கை என்கிறது. பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை கேட்பது ஒரே கேள்விதான்: இந்த எண்ணைப் பெற, பத்தின் அடுக்கு என்னவாக இருக்க வேண்டும்? நூறுக்கு 2, ஆயிரத்துக்கு 3, லட்சத்துக்கு 5. முழு எண்களில் இதைக் கிட்டத்தட்ட இலக்கங்களை எண்ணுவது என்றே சொல்லிவிடலாம். லாக்கின் முழுப் பகுதியோடு ஒன்றைக் கூட்டினால் அந்த எண்ணில் எத்தனை இலக்கம் என்பது வந்துவிடும்.

இப்படிப் பார்த்தால் விதி தானாக விளங்கும். நூறை ஆயிரத்தால் பெருக்கினால் பூஜ்யங்கள் சேர்ந்துகொள்ளும்: இரண்டும் மூன்றும் ஐந்து, விடை லட்சம். பெருக்கலில் லாக்குகள் கூடுவது இதனால்தான். கூட்டினால் பூஜ்யங்கள் சேர்வதில்லை. நூறும் ஆயிரமும் ஆயிரத்து நூறுதான், அதன் லாக் 3.0414. ஐந்துக்கு அருகில்கூட வராது.

பணமாக வைத்துப் பார்த்தால் உறைக்கும். ஒரு வீட்டில் அண்ணன் கையில் நாலு லட்சம் ரூபாய், தம்பி கையில் மூன்று லட்சம். 4,00,000-இன் லாக் 5.6021, 3,00,000-இன் லாக் 5.4771. கூட்டுத்தொகையின் லாக்கை உடைக்கலாம் என்று நம்பி இரண்டையும் கூட்டினால் 11.0792. அந்த லாக் உள்ள எண் எது? பன்னிரண்டாயிரம் கோடி. ஏழு லட்ச ரூபாய் வைத்திருந்த குடும்பம் ஒரே வரியில் பெரும் தொழிலதிபர் குடும்பமாகிவிட்டது. ஏழு லட்சத்தின் உண்மையான லாக் 5.8451. அண்ணனின் தொகைக்கு இருந்த லாக்கைவிடக் கால் அளவுதான் கூடியிருக்கிறது.

புத்திசாலிப் பிள்ளைகளும் இதில் வழுக்குவதற்கு ஒரு காரணம் எழுத்து முறை. 5(a + b) என்றால் 5a + 5b என்று ஆறாம் ஏழாம் வகுப்பிலிருந்தே கை பழகியிருக்கிறது. பங்கீட்டுப் பண்பு என்று அதற்குப் பெயர். log(a + b) பார்வைக்கு அச்சு அசலாக அதே உருவம். லாக் என்ற ஏதோ ஒன்று வெளியே நின்று அடைப்புக்குறியைப் பெருக்குவதாகக் கண்ணுக்குத் தோன்றிவிடுகிறது. ஆனால் log என்பது எண் அல்ல, ஒரு செயலின் பெயர். உள்ளே இருப்பது மொத்தமாகத் தயாரான பிறகுதான் அந்தச் செயல் தொடங்கும். இதே மயக்கம்தான் √(9 + 16)-ஐ 3 + 4 என்று ஏழாக்குகிறது (சரியான விடை ஐந்து). (a + b)²-இல் 2ab-ஐ விழுங்குகிறது. Sin(A + B)-ஐ இரண்டாகப் பிளக்கிறது. log 8 / log 2-இல் மேலும் கீழும் log-ஐ அடித்துவிட்டு நாலு என்று எழுதுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த தவறுதான். அங்கே விடை மூன்று.

தேர்வில் இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம்.

log x + log(x − 3) = 1

ஒரு மாணவி உள்ளே இருப்பவற்றைக் கூட்டி log(2x − 3) = 1 என்று எழுதுகிறாள். 2x − 3 = 10, ஆகவே x = 6.5. இன்னொருவன் log(x − 3)-ஐ log x − log 3 என்று உடைக்கிறான். 2 log x = 1 + log 3, அதாவது log 30. x என்பது 30-இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 5.48. இரண்டு பேருமே அடுத்தடுத்த வரிகளில் ஒரு பிழையும் செய்யவில்லை. கணக்கு வழுக்காமல் ஓடி ஒரு விடையில் போய் நின்றும்விடுகிறது. இந்தத் தவறின் விஷமம் அதில்தான் இருக்கிறது, நடுவழியில் எதுவும் இடிப்பதில்லை.

இடிக்க வைக்க ஒரே வழி, விடையைக் கேள்விக்குள் திருப்பிப் போடுவது. 6.5-ஐப் போட்டால் 6.5 × 3.5 = 22.75. அதன் லாக் 1.357. வர வேண்டியது 1. 5.48-ஐப் போட்டால் 1.13 வருகிறது. அதுவும் இல்லை. சரியான வழியில் கூட்டல் பெருக்கலாக மாறும்: log[x(x − 3)] = 1, எனவே x(x − 3) = 10. காரணிப்படுத்தினால் x = 5 அல்லது x = −2. ஐந்தைப் போட்டால் 5 × 2 = 10, லாக் 1. பொருந்துகிறது. −2-ஐ விட்டுவிட வேண்டும், ஏனென்றால் கேள்வியிலேயே log x இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் குறை எண்ணுக்கு லாக் கிடையாது. விதியைச் சரியாகப் போட்ட பலர் மதிப்பெண் இழப்பது இந்த −2-இல்தான். லாக்குகளைச் சேர்த்து எழுதியபோது x(x − 3) என்ற பெருக்கல் வந்தது. குறை எண் இரண்டு பெருக்கினால் மிகை எண்ணாகிவிடும், ஆகவே மூலக் கேள்வி வாசலிலேயே தடுத்திருக்கும் ஓர் எண் புதிய வரியில் உள்ளே நுழைந்துவிட்டது.

கூட்டல் என்று வந்தால் லாக் கையை விரித்துவிடுமா? அப்படியும் இல்லை. ஸ்காட்லாந்தில் ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கை அட்டவணையை வெளியிட்டதே பெருக்கலின் தொல்லையைக் கூட்டலாகக் குறைப்பதற்குத்தான். கூட்டலுக்கு அதில் ஏற்பாடு இல்லை. ஆனால் வானியலாளர்களின் நீண்ட கணக்குகளில் பெருக்கலும் கூட்டலும் மாறி மாறி வரும். இரண்டு எண்களின் லாக் கையில் இருக்கும், அவற்றின் கூட்டுத்தொகையின் லாக் தேவைப்படும். ஒவ்வொரு முறையும் எதிர்மடக்கை பார்த்து, கூட்டி, மீண்டும் மடக்கை பார்க்க வேண்டியிருந்தது. இந்தச் சுற்றைக் குறைக்க லியோனெல்லி என்ற இத்தாலியர் ஒரு வழி சொன்னார். 1812-இல் ஜெர்மானியக் கணித மேதை காஸ் அதற்கென்றே தனி அட்டவணை வெளியிட்டார். உடைக்க முடிந்திருந்தால் காஸ் எதற்கு அட்டவணை போடப் போகிறார்?

அந்த அட்டவணையின் அடிப்படை ஒரு சின்னத் தந்திரம். a + b என்ற கூட்டலில் a-ஐப் பொதுக்காரணியாக வெளியே எடுத்தால் a(1 + b/a) என்று பெருக்கலாகிவிடும். பெருக்கல் என்றால் லாக்குக்குக் கொண்டாட்டம்:

log(a + b) = log a + log(1 + b/a)

ஆயிரம், நூறு என்று வைத்துப் பாருங்கள். b/a என்பது 0.1. log 1.1 = 0.0414. மூன்றோடு கூட்டினால் 3.0414, முன்பு பார்த்த அதே எண். log b அந்த வரியில் எங்குமே தனியாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய எண்ணின் லாக்கோடு ஒரு திருத்தம் மட்டும் சேர்கிறது. இரண்டு எண்ணும் சமமாக இருந்தால் திருத்தம் log 2, அதாவது 0.3010. இரண்டு எண்களின் கூட்டலில் அதற்கு மேல் போகவே போகாது.

இந்த 0.3010-ஐக் காதாலேயே கேட்கலாம். ஒலியை அளக்கும் டெசிபெல் என்பது ஒலிச் செறிவின் லாக்கைப் பத்தால் பெருக்கியது. இந்திய விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் நேர ஒலி வரம்பு 55 டெசிபெல், இரவில் 45. ஒரு வீட்டு ஜன்னலில் ஒரு ஜெனரேட்டரின் சத்தம் 55 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொன்றை ஓட்டினால்? 110 ஆகாது. செறிவு இரட்டிப்பாகிறது, எனவே பத்து பெருக்கல் 0.3010, சுமார் மூன்று கூடி 58 ஆகும். 110 டெசிபெல் வேண்டுமென்றால் அதே மாதிரி ஜெனரேட்டர் மூன்று லட்சத்துக்கு மேல் வேண்டும். 55-உடன் 45 டெசிபெல் ஓசை ஒன்று சேர்ந்தாலோ 55.4தான். பத்தில் ஒரு பங்கு செறிவு, அதே 0.0414.

சரி, விடைத்தாளில் கையைத் தடுப்பது எப்படி? விதியை மனப்பாடம் செய்தவர்களும் வேகத்தில் உடைத்துவிடுகிறார்கள் என்பதால், சந்தேகம் வந்த வரியை ஓரத்தில் எண் போட்டுப் பார்ப்பதே நடைமுறையில் உதவுகிறது. எந்த எண்ணைப் போடுவது என்பதில் கவனம் தேவை. 2, 2 ஆகாது என்பதைப் பையன் காட்டிவிட்டான். 10, 100 நல்ல ஜோடி: log 110 மூன்று ஆகுமா என்று கேட்டாலே போதும், log 1000 தானே மூன்று என்று மனதுக்குள் பதில் வந்துவிடும், கால்குலேட்டர் வேண்டியதில்லை. இன்னொன்று, வரியை வாய்விட்டு வாசிப்பது. “லாக் a பிளஸ் b” என்று ஒரே மூச்சில் வாசித்தால் அடைப்புக்குறி காதில் விழுவதில்லை. “a-யும் b-யும் கூட்டி வந்ததன் லாக்” என்று வாசித்தால் எதை முதலில் செய்ய வேண்டும் என்பது வாக்கியத்திலேயே இருக்கிறது. தமிழின் வாக்கிய அமைப்பு இங்கே கணக்குக்குத் தோதாக அமைந்துவிடுகிறது. செயல் கடைசியில்தான் வருகிறது.

வாதாடிய பையனுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கூட்டினாலும் பெருக்கினாலும் ஒன்றாக வரும் ஜோடிகளை அவனையே தேடச் சொல்லலாம். 2-க்கு ஜோடி 2. 3-க்கு ஒன்றரை: இரண்டு வழியிலும் நாலரை. 5-க்கு 1.25. ஒன்றைவிடப் பெரிய எந்த எண்ணை எடுத்தாலும், அதிலிருந்து ஒன்றைக் கழித்து, வந்ததால் அந்த எண்ணை வகுத்தால் ஜோடி கிடைத்துவிடும், ஒரே ஒரு ஜோடி. அவன் கரும்பலகையில் காட்டியது அந்த ஒன்று. 1-க்கு என்ன ஜோடி என்று கேட்டால் சற்று நேரம் நிற்பான். 1 + b-யும் b-யும் சமமாக வேண்டும்.