பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்: ஆட்டிசம் உள்ள குழந்தையை பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது

நான் குழந்தைகளுக்கான பல் மருத்துவர். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோட பெற்றோர் என்கிட்ட அதிகமா கேக்குற கேள்வி, "டாக்டர், இவனை எப்படி சேர்ல உட்கார வைக்கிறது?" இன்னிக்கு ஒரு பையனோட கதை வழியா அதைச் சொல்றேன்.

அவனுக்கு ஏழு வயசு. முன்னாடி வேற ஒரு இடத்துல மூணு பேர் பிடிச்சுக்கிட்டு பல் பார்த்திருக்காங்க. அதுக்கப்புறம் வீட்டுல பிரஷ்ஷைப் பார்த்தாலே வாயை மூடிக்கிட்டான். அம்மா என்கிட்ட வந்தப்போ, பையனை முதல்ல கூட்டிட்டு வர வேண்டாம்னு சொல்லிட்டு, அவங்ககிட்ட சில கேள்விகள் கேட்டேன். மிக்ஸி ஓடினா என்ன பண்றான்? முடி வெட்டும்போது? எந்தப் பேஸ்ட்? மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திட்டு ஓடுவான், தலையைத் தொட்டா பிடிக்காது, புதினா பேஸ்ட்டைத் துப்பிடுவான், ஆனா கனமான போர்வைக்குள்ள நல்லா தூங்குவான்னு சொன்னாங்க.

எனக்கு வேண்டியது எல்லாமே இந்தப் பதில்ல இருந்துச்சு. பல் கிளினிக்ல சக்ஷன் மிக்ஸி மாதிரிதான் இரையும். சேர் திடீர்னு பின்னாடி சாயும்போது விழுற மாதிரி இருக்கும். விளக்கு நேரா கண்ணுல அடிக்கும். அடம்னு நாம நினைக்கிறது பல நேரம் இதுக்கெல்லாம் உடம்பு காட்டுற எதிர்ப்புதான்.

வேலையை வீட்டுல ஆரம்பிச்சோம். புதினா பேஸ்ட்டை நிறுத்திட்டு, வாசனை இல்லாத ஃப்ளோரைடு பேஸ்ட்டுக்கு மாத்தினோம். தினமும் ராத்திரி ஒரே நேரத்துல அம்மா மடியில தலை வச்சுப் படுக்கணும். அம்மா ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் ஒரே வேகத்துல எண்ணுவாங்க. பத்து வந்ததும் கையை எடுத்துடணும், "இன்னும் கொஞ்சம்"னு இழுக்கக் கூடாது. எப்போ முடியும்னு தெரிஞ்சா குழந்தை தாங்கிக்கும். முதல்ல விரல் கன்னத்துல, அடுத்து உதட்டுல, அப்புறம் பிரஷ் முன்பல்லுல, கடைசியா பிளாஸ்டிக் கண்ணாடி வாய்க்குள்ள. ஒரு படியில தொடர்ந்து மூணு நாள் அமைதியா இருந்தாதான் அடுத்த படி.

இங்க ஒரு விஷயத்தை நல்லா கவனிக்கணும். குழந்தை கத்தினதும் நிறுத்தினா, கத்தினா நின்னுடும்னு கத்துக்குது. கத்தினாலும் விடாம பண்ணினா பயம் இன்னும் கூடுது. அதனால கத்துறதுக்கு முன்னாடியே நிறுத்தணும். இந்தப் பையன் பதட்டமானா முதல்ல கால் விரலை மடக்குவான், முனகல் சத்தமாகும். அதைப் பார்த்தா எண்ணிக்கையை அஞ்சோட முடிச்சிட்டு, அவனுக்குச் சுலபமான முந்தைய படியை ஒரு தடவை பண்ணிட்டு விட்டுடுவோம்.

கிளினிக்குக்கு வந்த முதல் நாள் வாயையே பார்க்கல. கூட்டம் இல்லாத காலை நேரம், அஞ்சு நிமிஷம், கதவு, சேர், என் முகம், அவ்வளவுதான். வர்றதுக்கு முன்னாடியே இதையெல்லாம் போட்டோ எடுத்து, வரிசையா ஒட்டி வீட்டுல காட்டியிருந்தாங்க. ரெண்டாவது தடவை சேரை முன்னாடியே சாய்ச்சு வச்சுட்டோம், அவனே ஏறிப் படுத்தான். எக்ஸ்ரேக்குப் போடுற கனமான ஏப்ரனை மேல போர்த்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டோம். வீட்டுல பழகின அதே பிளாஸ்டிக் கண்ணாடிதான், அம்மா எண்ண எண்ண பல்லைப் பார்த்தேன்.

மூணாவது தடவை சறுக்கிடுச்சு. பக்கத்து அறையில சக்ஷன் போட்டாங்க, பையன் இறங்கி ஓடிட்டான். தப்பு என் மேலதான், முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும். சக்ஷன் சத்தத்தை போன்ல பதிவு பண்ணிக் கொடுத்தேன். அவனுக்குப் பிடிச்ச ரயில் வீடியோ பார்க்கும்போது, ரொம்பக் குறைஞ்ச சத்தத்துல ஓடவிட்டு, நாள் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கூட்டினாங்க. நாங்களும் ஒரு படி பின்னாடி போய், சேர்ல படுக்கிறதுல இருந்து மறுபடி ஆரம்பிச்சோம்.

நாலு மாசத்துல, ஏழாவது தடவை வந்தப்போ, எல்லாப் பல்லையும் எண்ணி, ஃப்ளோரைடு வார்னிஷ் தடவினேன். தடவ ஒரு நிமிஷம்தான் ஆச்சு. அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நாலு மாசம்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். பல் வலி, முக வீக்கம், காய்ச்சல் இருந்தா இந்த வழி வேண்டாம், காத்திருக்க நேரம் கிடையாது. அப்போ மயக்க மருந்து கொடுத்து சிகிச்சை பண்றது நல்லது, அதுல தோல்வின்னு எதுவும் இல்ல. பேசத் தெரியாத குழந்தை திடீர்னு சாப்பாட்டை ஒரு பக்கமாவே மெல்லுறது, தாடையில அடிச்சுக்கிறது, ராத்திரி எழுந்துக்கிறது, இதெல்லாம் பல் வலியா இருக்கலாம். அன்னிக்கே போன் பண்ணுங்க. வலி இல்லாத நாள்ல பழக்க ஆரம்பிங்க.