குடித்த எண்ணெயின் கணக்கு

ஒரு வாணலி நிறைய ததும்பும் எண்ணெயையும், அதன் பக்கத்தில் ஒரே ஒரு கரண்டி எண்ணெயையும் படமாகப் போட்டு, இதைத் தின்கிறீர்களா, அதைத் தின்கிறீர்களா என்று கேட்கும் ஏர் ஃப்ரையர் விளம்பரங்களில் ஒரு சாமர்த்தியம் உண்டு. வாணலியில் ஊற்றிய எண்ணெய் வேறு, வயிற்றுக்குள் போகும் எண்ணெய் வேறு என்பதை அந்தப் படம் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பொரித்தபின் மிஞ்சியதைத்தான் எந்த வீட்டிலும் வடிகட்டி எடுத்து வைத்துவிடுகிறோமே! ஆகவே நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால், ஒரே மூட்டையிலிருந்து எடுத்த உருளைக்கிழங்கை ஒரே அளவாக நறுக்கி, வாணலியில் முழுக எண்ணெய் விட்டும், தட்டையான கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டும், ஏர் ஃப்ரையரில் எண்ணெய் தடவியும் சமைத்து, கிழங்கு குடித்த எண்ணெய் எவ்வளவு என்பதை மாத்திரம் பார்க்க வேண்டும்.

அதை அளப்பதற்குக் கிழங்கை நிறுப்பது பிரயோஜனப்படாது. பச்சைக் கிழங்கில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். பொரியும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால், அரைக் கிலோ கிழங்கு கால் கிலோவாகச் சுருங்கி வெளியே வருகிறது. அந்த எடையைப் பார்ப்பவர், கிழங்கு எண்ணெயை உறிஞ்சவே இல்லை என்று சத்தியம் செய்தாலும் செய்வார். நிறுக்க வேண்டியது எண்ணெயை. வாணலி, எண்ணெய், ஜல்லிக்கரண்டி மூன்றையும் சேர்த்து அடுப்பில் ஏற்றுமுன் ஒரு தடவையும், எல்லாம் ஆறியபின் ஒரு தடவையும் தராசில் வைத்து, வடித்த காகிதம் உலர்ந்தபின் அதில் ஏறியிருக்கும் எடையையும், அடுப்பு மேடையில் தெறித்ததையும் கழித்தால், மிஞ்சும் வித்தியாசமே கிழங்கு கொண்டுபோனது. கிழங்கு விட்ட தண்ணீர் அந்த உஷ்ணத்தில் எண்ணெயில் தங்குவதில்லையாதலால் கணக்கு கெடாது.

விரல் கனத்துக்கு நறுக்கிப் பொரித்த கிழங்கில் எண்ணெய் பொதுவாக நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை இருக்கும். பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்வோம். 500 கிராம் பச்சைக் கிழங்கிலுள்ள திடப்பொருள் 100 கிராம். பொரித்தபின் 250 கிராம் நிற்கும் பண்டத்தில் 30 கிராம் எண்ணெய், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் எண்ணெயில் முழுகிக் குளித்த கிழங்கு இவ்வளவு கொஞ்சமாக எடுத்துக்கொண்டு வெளிவருவதற்குக் காரணம் என்ன?

காரணம் ஆவி. 180 டிகிரி எண்ணெயில் போட்டவுடன் கிழங்கின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் குமிழிகள் சீறிக் கிளம்புகின்றனவே, அவை வெளியே தள்ளிக்கொண்டு வருகிறவரையில் எண்ணெய் உள்ளே நுழைய இடம் கிடைப்பதில்லை. எண்ணெய் நுழைவது பெரும்பாலும் கிழங்கை வெளியே எடுத்தபிறகு. 1996-இல் ஊஃபைல், எஷர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், பொரிந்துகொண்டிருக்கும் எண்ணெயில் வெவ்வேறு தருணங்களில் சாயத்தைக் கலந்து, அது கிழங்கு வில்லைகளில் எப்படிச் சேர்கிறது என்று ஆராய்ந்து இந்த முடிவுக்கே வந்தார்கள். எடுத்த கிழங்கு ஆறத் தொடங்கியதும் அதன் துவாரங்களில் இருக்கும் ஆவி தண்ணீராகச் சுருங்குகிறது. சுருங்கிய இடத்தில் வெற்றிடம் உண்டாகிறது. தோலின்மேல் ஒட்டியிருக்கும் எண்ணெயை அந்த வெற்றிடம் இழுத்துக்கொள்கிறது. ஜல்லிக்கரண்டியில் எடுத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: முதலில் பளபளவென்று மின்னிக்கொண்டிருக்கும் மேற்பரப்பு, சிறிது நேரத்தில், யாரும் துடைக்காமலே மங்கிவிடுகிறது. மின்னிய எண்ணெயில் ஒரு பகுதி சொட்டிப் போயிருக்கலாம். மற்றது உள்ளே போய்விட்டது. ஆதலால் கரண்டியை வாணலிக்கு மேலேயே பிடித்து, சூடு குறையுமுன் நன்றாக உதறுவதும், உடனே காகிதத்தில் பரப்புவதும் வெறும் சம்பிரதாயமல்ல. ஆறிய கிழங்கைக் காகிதத்தில் புரட்டுவதுதான் வெறும் சம்பிரதாயம். அடுப்பை அணைத்துவிட்டுக் கிழங்கை எண்ணெயிலேயே கிடக்க விடுபவர்களோ, உறிஞ்சுவதற்கு ஒரு குளத்தையே அதற்குத் தானம் செய்கிறார்கள்.

இனித் தட்டையான கல்லுக்கு வருவோம். சிக்கனம் என்று நாம் நம்பும் முறை இது. என் அபிப்பிராயத்தில் அதற்குரிய நற்பெயரில் பாதி பிரமை. அரைக் கிலோ கிழங்கு மொறுமொறுவென்று சிவக்க வேண்டுமானால் மூன்று மேசைக்கரண்டி, அதாவது சுமார் 40 கிராம் எண்ணெயாவது வேண்டும். அதில் கால் பங்கு கல்லிலேயே நின்றுவிட்டாலும் கிழங்குக்குள் போவது 30 கிராம். வாணலியில் போனதும் அதே 30 கிராம்! எண்ணெயில் கிடக்கும் பக்கம் மாத்திரம் சீற, மேல்பக்கம் காற்றில் ஆறுகிறது. திருப்பித் திருப்பிப் போடும்போது, எண்ணெய் பூசிய முகம் ஒவ்வொரு தடவையும் மேலே வந்து சற்று ஆறி, பூசியதை உறிஞ்சிக்கொள்ளச் சந்தர்ப்பம் பெறுகிறது. கல் வறண்டதென்று நடுவில் இன்னொரு கரண்டி விட்டால் அதுவும் கிழங்குக்கே. ஆனாலும் இந்த முறைக்கு ஒரு நேர்மை உண்டு: ஊற்றியதற்கு மேல் அது குடிக்க முடியாது, தராசு இல்லாமலே உச்சவரம்பு தெரிந்துவிடுகிறது.

ஏர் ஃப்ரையரில் உள்ளது சுழலும் வெந்நீராவியல்ல, சுழலும் வறண்ட வெப்பக் காற்று. கிழங்கின் மேல்தோலை அது உலர்த்தி மொறுக்க வைக்கிறது. தடவிய எண்ணெய் நிறத்துக்கும் மணத்துக்கும் துணை செய்கிறது. எண்ணெயே தடவாவிட்டால் தோல் மொறுப்பதற்குப் பதில் தடித்து, பல்லுக்கு இழுவையாகிவிடும். அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, சுமார் 14 கிராம் புரட்டிப் போட்டால், கலந்த பாத்திரத்திலும் கூடையிலும் ஒட்டியது போக 11 கிராம் கிழங்கில் சேரும். ஆக இந்த யந்திரம் ஜெயிக்கிறது, சந்தேகமில்லை. மீதமாவது 19 கிராம்; நாலு பேர் பங்கிட்டுக்கொண்டால் தலைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், கலோரியில் சொன்னால் நாற்பத்துச் சொச்சம். ஒரு லிட்டருக்கும் ஒரு கரண்டிக்கும் உள்ள வித்தியாசமாகப் படத்தில் தெரிந்தது, தட்டுக்கு வரும்போது இவ்வளவுதான். கடையில் உறைந்த பாக்கெட்டாக வாங்கிய கிழங்கை எண்ணெயே இல்லாமல் வைத்தேன் என்று பெருமைப்படுவதும் கணக்கில் சேராது. அது தொழிற்சாலையிலேயே ஒரு தடவை எண்ணெயில் பொரிந்து, நூறு கிராமுக்கு நாலைந்து கிராம் கொழுப்போடுதான் வருகிறது.

பாத்திரத்தைவிடப் பெரிய வித்தியாசத்தை அரிவாள்மணை செய்கிறது. அதே அரைக் கிலோ கிழங்கை விரல் கனத்துக்கு நறுக்காமல் சிப்ஸுக்காக மெல்லிய வில்லைகளாகச் சீவி அதே வாணலியில் பொரித்தால், தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் போய், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக எண்ணெய் ஏறிய 160 கிராம் சிப்ஸ் கிடைக்கும். அதில் எண்ணெய் 55 கிராம். உறிஞ்சும் பரப்பு பெருகியதும், தண்ணீர் காலி செய்த இடம் பெருகியதுமே இதற்குக் காரணம். ஏர் ஃப்ரையர் அதிகமாக மிச்சம் பிடிக்கக்கூடிய இடமும் இதுவே. ஆனால் அங்கேதான் அது தடுமாறுகிறது. வில்லைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் அடியிலிருப்பது வதங்கி நிற்கும். படியாமல் ஒற்றை வரிசையாகப் பரப்பினாலோ, உலர்ந்து லேசானவை காற்றில் கிளம்பி மேலே காயும் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டு கருகும். அதைத் தடுக்க மேலே ஒரு கம்பித்தட்டைக் கவிழ்த்து வைத்து, கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு எடுக்க வேண்டியிருக்கிறது.