அப்பா பெயரில் இருக்கும் பங்குகள் வாரிசுகளுக்கு வர என்ன வழி?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் 2021-ல் காலமானார். உயில் எழுதவில்லை. மனைவியும் கும்பகோணத்தில்தான், மகன் பெங்களூரில், மகள் திருச்சியில். பீரோவைச் சுத்தம் செய்தபோது இரண்டு கம்பெனிகளின் பங்குச் சான்றிதழ்கள் காகிதமாகக் கிடைத்தன. ஒன்றின் இன்றைய மதிப்பு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய், இன்னொன்று 6 லட்சத்து 40 ஆயிரம். தவிர, ஒரு புரோக்கரிடம் டீமேட் கணக்கு. அதில் 9 லட்சம் ரூபாய்ப் பங்குகள். எதிலும் நாமினி இல்லை.

இந்தக் கணக்கு கற்பனைதான். ஆனால் பங்குப் பதிவாளர்களின் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் பல இதே வடிவில்தான் இருக்கின்றன. இப்படி ஒரு குடும்பத்துக்கு முதலில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "கோர்ட்டுக்குப் போய் சக்சஷன் சர்டிஃபிகேட் வாங்குங்கள்." இல்லையென்றால், மீட்கும் தொகையில் இத்தனை சதவீதம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஓர் இடைத்தரகர் வருவார். மேலே சொன்ன மூன்றில் எதற்குமே இவை கட்டாயம் இல்லை.

இறந்தவர் பெயரில் உள்ள பங்கு வாரிசின் பெயருக்குப் போவதை டிரான்ஸ்மிஷன் என்கிறார்கள். இது விற்பனையோ தானமோ இல்லை. சட்டப்படி நேரும் உரிமை மாற்றம். அதனால் பெயர் மாறும்போது மூலதன ஆதாய வரி கிடையாது. பின்னால் வாரிசு விற்கும்போதுதான் வரிக்கணக்கு வரும். அப்போது அப்பா வாங்கிய விலையும் வாங்கிய தேதியுமே அடிப்படை என்பதால், பழைய ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

யாரிடம் கேட்பது என்பது பங்கு எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காகிதச் சான்றிதழ் என்றால் அந்தக் கம்பெனி நியமித்திருக்கும் பதிவாளரிடம். சென்னையில் கேமியோ, ஹைதராபாத்தில் கேஃபின், மும்பையில் முன்பு லிங்க் இன்டைம் என்றிருந்த எம்.யு.எஃப்.ஜி. இன்டைம் போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன. சான்றிதழில் அச்சிட்டிருக்கும் முகவரியை நம்ப வேண்டாம். கம்பெனி பெயரே மாறியிருக்கலாம், இன்னொன்றோடு இணைந்திருக்கலாம். கம்பெனியின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியைப் பார்த்தால் இப்போதைய பதிவாளர் யார் என்று தெரியும். டீமேட் என்றால், கணக்கு வைத்திருந்த புரோக்கரோ வங்கியோ, அதாவது டெபாசிட்டரி பார்ட்டிசிபன்ட், அவரிடமே விண்ணப்பிக்க வேண்டும். 16 இலக்கக் கணக்கு எண் முழுவதும் எண்களாக இருந்தால் அது சி.டி.எஸ்.எல்.; ஐ.என். என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் என்.எஸ்.டி.எல்.

பதிவாளருக்கு எழுதும் முதல் கடிதம் பெயர் மாற்றத்துக்காக இருக்க வேண்டியதில்லை. ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு, இறப்புச் சான்றின் நகலை இணைத்து, அந்த ஃபோலியோவில் இன்று எத்தனை பங்குகள் இருக்கின்றன, வராமல் நிற்கும் டிவிடெண்ட் எவ்வளவு என்று கேட்டால் போதும். கையில் உள்ள காகிதம் 100 பங்கு என்று சொல்லும். நடுவில் போனஸும் முகமதிப்புப் பிரிப்பும் நடந்திருந்தால் பதிவேட்டில் 1,000 பங்கு இருக்கக்கூடும். எந்த வழியில் விண்ணப்பிப்பது என்பதே மதிப்பைப் பொறுத்தது என்பதால், இந்த எண்ணிக்கை தெரியாமல் ஸ்டாம்ப் பேப்பர் வாங்குவது வீண் செலவு.

நாமினி இல்லாத பங்குகளுக்கு செபி 2022-ல் எளிய நடைமுறைக்கான வரம்பை உயர்த்தியது. காகிதப் பங்கு என்றால் ஒரு கம்பெனிக்கு 5 லட்சம் ரூபாய் வரை, டீமேட் என்றால் ஒரு கணக்குதாரருக்கு 15 லட்சம் வரை. காகிதத்தில் கணக்கு கம்பெனி வாரியானது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் குடும்பத்தின் இரண்டு சான்றிதழ்களையும் கூட்டினால் 5 லட்சத்தைத் தாண்டும். ஆனால் யாரும் கூட்டப்போவதில்லை. 3 லட்சத்து 20 ஆயிரம் தனியாக எளிய வழியில் போகும். 9 லட்சம் உள்ள டீமேட் கணக்கும் அப்படியே.

எளிய வழியில் கேட்கப்படுபவை மூன்று. வாரிசுகள் தாங்கள் யார், இறந்தவருக்கு என்ன உறவு என்று நோட்டரி முன் கொடுக்கும் பிரமாணப் பத்திரம். நாளை வேறொருவர் உரிமை கோரி வந்தால் பொறுப்பு எங்களுடையது என்று எழுதித் தரும் இண்டெம்னிட்டி பாண்டு. பங்கு வேண்டாம் என்கிற மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம். அதற்குப் பதில் எல்லோரும் கையெழுத்திட்ட குடும்ப உடன்படிக்கையும் ஏற்கப்படும். எல்லாப் பங்கும் அம்மா பெயருக்கே போகட்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்தால், பிள்ளைகள் ஆட்சேபணையின்மைக் கடிதம் கொடுத்தால் போதும்.

6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்ச் சான்றிதழ்தான் வரம்பைத் தாண்டுகிறது. இங்கேதான் கோர்ட் வாசல் நினைவுக்கு வரும். நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று ஒரு வழி, ஒரே வழி இல்லை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றையும் 2022 நடைமுறை ஏற்கிறது. கூடவே நோட்டரி கையெழுத்துள்ள இண்டெம்னிட்டி பாண்டும், உரிமை கோராத வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் வேண்டும். தமிழ்நாட்டில் இந்தச் சான்றுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாரிசுகளுக்குள் சண்டை இல்லையென்றால் இந்த வழியே நல்லது. சண்டை இருந்தால் பதிவாளரால் தீர்ப்புச் சொல்ல முடியாது, நீதிமன்றம்தான் போக வேண்டும்.

வாரிசு யார் என்பதில்தான் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. நம் ஆசிரியர் இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்தார். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகை வாரிசுகளில் மனைவி, மகன், மகளோடு தாயும் சேர்த்தி. ஆளுக்குக் கால் பங்கு. வாரிசுச் சான்றிலும் பாட்டியின் பெயர் வந்துவிட்டது. 2023-ல் பாட்டியும் காலமானார். அவர் பெயரை அடித்துவிட்டு மூவராக விண்ணப்பித்தால் போதும் என்று குடும்பம் நினைக்கும். பதிவாளர் திருப்பி அனுப்புவார்.

பாட்டியின் கால் பங்கு அவரோடு மறைந்துவிடவில்லை. அது அவருடைய வாரிசுகளுக்குப் போகிறது. அவருக்கு மூன்று பிள்ளைகள்: இறந்த ஆசிரியர், ஒரு சித்தப்பா, ஓர் அத்தை. தாத்தா முன்பே போய்விட்டார். பாட்டியும் உயில் எழுதவில்லை என்றால், அந்தக் காலில் மூன்றில் ஒரு பாகம் சித்தப்பாவுக்கு, ஒரு பாகம் அத்தைக்கு, மூன்றாவது பாகம் ஆசிரியரின் மகனுக்கும் மகளுக்குமாகச் சேர்ந்து. ஆக, பாட்டியின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் தேவை. சித்தப்பா, அத்தை இருவரின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் தேவை. நல்லுறவு இருக்கும்போது இந்தக் கையெழுத்துகள் ஒரு காபி நேரத்தில் கிடைக்கும். பத்து வருடம் தள்ளிப்போட்டால் சித்தப்பாவின் பிள்ளைகளைத் தேடி வெளிநாட்டுக்குக் கடிதம் போட வேண்டிவரும். தாமதம் செய்யும் ஒவ்வொரு வருடமும் கையெழுத்துப் போட வேண்டியவர்களின் பட்டியல் நீளக்கூடும்.

அடுத்த தலைவலி, நம் ஊர்ப் பெயர்கள். சான்றிதழில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், பான் அட்டையில் முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரும் சேர்ந்த பெயர், இறப்புச் சான்றில் வேறு எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒரே மனிதர்தான் என்று வீட்டுக்குத் தெரியும். பதிவாளருக்கு ஆவணம் காட்ட வேண்டும். பழைய பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார், ஓய்வூதியப் புத்தகம் என்று இரண்டு வடிவங்களையும் இணைக்கும் எதுவும் உதவும். இறப்புச் சான்றில் பிழை இருந்தால் அதை முதலில் திருத்தி வாங்குவதே நல்லது. பிழையோடு வாரிசுச் சான்றும் வாங்கிவிட்டால் இரண்டையும் மாற்ற வேண்டியதாகிவிடும்.

காகிதப் பங்குக்கான விண்ணப்பப் படிவத்தின் பெயர் ஐ.எஸ்.ஆர்.-5. அதோடு அசல் சான்றிதழ், இறப்புச் சான்று, பெறுபவரின் பான் நகல், கே.ஒய்.சி.க்கான ஐ.எஸ்.ஆர்.-1, வங்கி மேலாளர் கையெழுத்தை உறுதி செய்யும் ஐ.எஸ்.ஆர்.-2, ரத்து செய்த காசோலை ஆகியவை போகும். பெறுபவருக்கு டீமேட் கணக்கு கட்டாயம் வேண்டும். புதுப் பெயரில் காகிதச் சான்றிதழ் தருவது 2022-லேயே நின்றுவிட்டது. ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்தபின் காகிதப் பங்குக்கு 21 நாள், டீமேட் பங்குக்கு 7 நாள் என்பது செபி வைத்த கெடு. ஒரு தாள் குறைந்தாலும் அந்தக் கெடு ஓடத் தொடங்காது என்பதால், குறை சொல்லி வரும் கடிதத்துக்கு உடனே பதில் அனுப்ப வேண்டும்.

நாமினி இருந்திருந்தால் வேலை இன்னும் சுருக்கம்: விண்ணப்பம், இறப்புச் சான்று, நாமினியின் அடையாளமும் கே.ஒய்.சி.யும். ஆனால் நாமினி பெயருக்கு வந்துவிட்டதாலேயே பங்கு அவருடையதாகிவிடாது. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சக்தி யெஸ்தானி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாமினி வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. உரிமை உயில்படியோ வாரிசுச் சட்டப்படியோதான் முடிவாகும்.

டீமேட் கணக்கில் பலர் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். அப்பாவின் பாஸ்வேர்டு தெரியும், ஓ.டி.பி. வரும் ஃபோன் வீட்டில்தான் இருக்கிறது என்று இறந்தபின் பங்குகளை விற்றுவிடுகிறார்கள். இறந்தவர் பெயரில் கொடுக்கும் உத்தரவு செல்லாது. அவர் எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியும் அவரோடு முடிந்துவிடுகிறது. மற்றொரு வாரிசு கேள்வி கேட்டால், விற்றவர் மோசடிப் புகாருக்கு ஆளாவார். மரணத்தைப் புரோக்கரிடம் தெரிவித்துக் கணக்கை நிறுத்தி வைப்பதுதான் முதல் வேலை. 2024 ஜனவரி முதல், ஓரிடத்தில் தெரிவித்தால் பான் எண் வழியாக மற்ற முதலீட்டு நிறுவனங்களுக்கும் செய்தி போகும் ஏற்பாடு இருக்கிறது.

காத்திருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அப்பாவின் வங்கிக் கணக்கை மூடியதும் டிவிடெண்ட் போய்ச்சேர இடமில்லை. தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்ட் பெறப்படாவிட்டால், பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். அங்கே போனாலும் உரிமை அழிவதில்லை. ஆனால் பதிவாளரிடம் வாரிசு ஆவணங்களைக் காட்டிக் கம்பெனியிடம் உரிமைக் கடிதம் வாங்கி, பிறகு ஐ.இ.பி.எஃப்.-5 படிவம் போட்டு, அந்த நிதி ஆணையத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே வேலை இரண்டாகிவிடும்.

பதிவாளரோ புரோக்கரோ காரணம் சொல்லாமல் இழுத்தடித்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். அதற்கு அனுப்பிய தபாலின் ஒப்புகைச் சீட்டும், வந்த பதில்களும் தேதியோடு கையில் இருக்க வேண்டும். வீட்டில் இப்படி ஒரு சான்றிதழோ, பாஸ்புக்கில் ஒரு டிவிடெண்ட் வரவோ கண்ணில் பட்டால், இந்த வாரமே அந்தக் கம்பெனியின் பதிவாளருக்கு முதல் கடிதத்தை எழுதிவிடுங்கள்.