போர்டில் இருப்பது என்ன? எழுத நினைத்தது என்ன?

கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டு கேட்டில் தொங்கிய போர்டை நம் உறுப்பினர் ஒருவர் செல்போனில் படம் எடுத்து வந்து காட்டினார். டி, ஓ, எல், ஈ, டி என்று ஐந்து எழுத்தும் ஒட்டி இருந்தன. "டாய்லெட்டுன்னு போட்டிருக்குங்க மேடம்" என்றார். நாங்கள் படத்தை மறுபடி பார்த்தோம். கீழே ஒரு போன் நம்பர். கழிப்பறைக்கு எதுக்கு போன் நம்பர்? டாய்லெட் என்றால் ஓ-வுக்கும் எல்-லுக்கும் நடுவில் ஐ வரணும். இரண்டாகப் பிரித்துப் படித்தால் 'டு லெட்', அதாவது 'வாடகைக்கு விடப்படும்'.

மெஷின் செய்த ஆங்கிலம் வேறு மாதிரி. எழுத்து சரியாக இருக்கும், அர்த்தம்தான் கோணும். சீனாவில் ஈரத் தரையில் வைக்கும் போர்டுகளில் 'கவனமாக வழுக்குங்கள்' என்ற பொருளில் ஆங்கிலம் இருப்பது பிரபலம். சீன மொழியில் 'தரை' என்பதற்கான எழுத்தே, நம் 'கவனமாக' என்பதில் வரும் 'ஆக' போலவும் பயன்படும். மெஷின் அதை 'ஆக' என்று எடுத்துக்கொண்டது. போர்டு எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே புரியும்: 'தரை வழுக்கும், கவனம்'. அதைத்தான் தமிழில் எழுதணும்.

மருந்து, பூச்சிமருந்து பாக்கெட்டில் மட்டும் இப்படி ஊகிக்காதீர்கள். கடையில் கேட்டு எழுதுங்கள்.