தைராய்டு ஸ்கேனில் சூடான கட்டியும் குளிர்ந்த கட்டியும்

தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிக்க இரத்தத்திலிருந்து அயோடினை இழுத்துக்கொள்கிறது. நியூக்ளியர் ஸ்கேன் படம் பிடிப்பது இந்த இழுப்பைத்தான். பெரும்பாலும் டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளின் பெர்டெக்னடேட் உப்பைக் கை நரம்பில் ஊசியாகப் போடுகிறார்கள். தைராய்டு செல்கள் அதை அயோடின் என்றே எண்ணி உள்ளே விடுகின்றன. சுமார் 20 நிமிடம் கழித்து, கழுத்துக்கு மேலே நிறுத்திய காமா கேமரா படம் எடுக்கிறது. பொருள் அதிகம் சேர்ந்த இடம் வழக்கமான படத்தில் கறுப்பாகத் தெரியும். அதன் கதிரியக்கம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பெண்ணுக்கு எடை குறைகிறது, நெஞ்சு படபடக்கிறது. வலப்பக்கம் 3 செ.மீ. கட்டி. டி.எஸ்.எச். குறைந்தது 0.4 இருக்க வேண்டும், இவருக்கு 0.02. ஸ்கேன் படத்தில் கட்டி மட்டும் கரும்புள்ளியாகத் தெரிகிறது, இடப்பக்கச் சுரப்பியைக் காணவே இல்லை. அல்ட்ராசவுண்டில் பார்த்தால் அது நல்லபடியாகவே இருக்கிறது. பிட்யூட்டரியின் கட்டளைக்குக் காத்திராமல் கட்டி தன்னிச்சையாக ஹார்மோனைக் கொட்டுகிறது. இரத்தத்தில் அது மிகுந்ததும் பிட்யூட்டரி டி.எஸ்.எச். அனுப்புவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அந்தத் தூண்டுதல் இல்லாததால் நல்ல செல்கள் உறங்கிவிட்டன. இதுவே சூடான கட்டி. இதில் புற்றுநோய் மிக அரிது என்பதால் பொதுவாக ஊசிப் பரிசோதனை தேவைப்படுவதில்லை. அந்த உறக்கம் சிகிச்சைக்கும் உதவுகிறது: கதிரியக்க அயோடின்-131 கொடுத்தால் அதில் பெரும்பகுதியைக் கட்டியே வாங்கிக்கொள்ளும், உறங்கும் பகுதி பெருமளவு தப்பிக்கும்.

குளிர்ந்த கட்டி இதற்கு நேர்மாறு. சுற்றிலும் கறுப்பு இருக்க, கட்டி உள்ள இடம் மட்டும் வெளிறிக் கிடக்கும். அங்குள்ள செல்கள் அயோடினை எடுக்கவில்லை என்பதற்கு மேல் படம் எதுவும் சொல்வதில்லை. அது நீர்க்கட்டியாக இருக்கலாம், கொலாய்டு நிரம்பிய கட்டியாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை குளிர்ந்தவையே. அவற்றில் 100-க்கு 5 முதல் 15 வரைதான் புற்றுநோயாகின்றன. அறிக்கையில் அந்தச் சொல்லைப் படித்ததுமே கலங்கிப்போகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. எது எந்த வகை என்பதை அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்ப்பதும் காட்டும். டி.எஸ்.எச். சரியாக உள்ளவர்களுக்கு முதலிலேயே இந்த ஸ்கேன் எடுப்பதால் பயன் குறைவு என்பதற்கும் இதுவே காரணம்.

படம் ஏமாற்றவும் கூடும். 1 செ.மீ.க்கும் சிறிய குளிர்ந்த கட்டியை மேலும் கீழும் உள்ள நல்ல திசுவின் கறுப்பு மறைத்துவிடும். சில வாரங்களுக்கு முன் அயோடின் கலந்த மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால், அந்த அயோடினிலேயே நிறைந்துபோன சுரப்பி புதிய பொருளை வாங்காது. முழுச் சுரப்பியும் வெளிறித் தெரியும். தைராய்டு அழற்சியிலும் படம் அப்படியே இருக்கும். இன்னொரு சிக்கல் அரிதானது. டெக்னீஷியம் செல்லுக்குள் நுழைவதோடு சரி, ஹார்மோனாக மாறுவதில்லை. அயோடினை உள்ளே இழுத்தும் அதை ஹார்மோனில் சேர்க்க முடியாத கட்டி இதில் சூடாகத் தெரியும். அயோடின்-123 கொடுத்து மறுநாள் படம் எடுத்தால் குளிர்ந்து தெரியும். அப்படிப்பட்ட கட்டியைச் சூடானது என்று விட்டுவிடாமல் ஊசிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.